ஆரஞ்சு நிறச் சூட்டில் தோய்க்காதீர்கள்: புதிய கொல்லர்கள் செய்யும் தவறுகள்

அண்மையில் என் பட்டறைக்கு வந்த இளைஞர் ஒருவர், லாரி வில்பட்டையில் அடித்த அரிவாளை வெள்ளை வெளிச்சம் வரும்வரை காய்ச்சிய பின்பே கடினமாவதற்காக எண்ணெயில் இறக்கித் தோய்த்தார். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் செய்தேன். விரலைச் சுட்டுக்கொள்வதையோ அடி பிசகுவதையோ இங்கே எழுதப் போவதில்லை. அவை தாமாகவே சரியாகிவிடும்.

அளவுக்கு மீறிய சூடு

என் முதல் வெட்டரிவாள் மூன்றாவது வெட்டிலேயே புளியங்கட்டையில் இரண்டாக முறிந்தது. அரத்தை வைத்தபோது அது வழுக்கியதே, அப்படியானால் கடினமாகத்தானே இருக்கிறது என்று எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவரிடம் வாதாடினேன். அவர் பதில் பேசாமல் முறிந்த முகத்தை வெயிலில் சாய்த்துக் காட்டினார். கல்லுப்பைக் கொட்டியதுபோல் மினுமினுத்தது. பிறகு தாம் தோய்த்த துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து முறித்தார். அந்த முகமோ மினுக்கமின்றி, சலித்த சாம்பல்போல் மங்கலாக இருந்தது.

"அரம் கடினத்தைத்தான் சொல்லும், தம்பி. மணி பெருத்துப் போனதை அது சொல்லாது" என்றார்.

லாரி வில்பட்டையில் ஏறக்குறைய 0.6 சதவீதம் கரி உண்டு. தோய்ப்பதற்கு 830 முதல் 850 டிகிரி செல்சியஸ் போதும். ஆயிரத்தைத் தாண்டிய சூட்டில் வைத்திருந்தால் எஃகின் உள்மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகின்றன. முறிவு அந்த மணிகளின் ஓரம் வழியாக எளிதில் ஓடிவிடுகிறது. பின்னர் மெல்லச் சூடேற்றி எவ்வளவு பதம் பார்த்தாலும் அந்தக் குறை தீராது.

பகல் வெளிச்சத்தில் சரியான சிவப்பு மங்கலாகத் தெரிவதால்தான் புதியவர்கள் துருத்தியை நிறுத்துவதில்லை. பெரியவர் உலைக்கு மேலே சாக்கைத் தொங்கவிட்டு நிழலாக்கினார். கம்பியில் கட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றையும் கொடுத்தார். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குப் பின் இன்னும் சற்றுக் கூடுதலாகச் சிவக்கவிட்டு, அலகு முழுவதும் ஒரே நிறமானதும் தோய்க்க வேண்டும்.

மணி பெருத்த அலகு இன்னும் முறியவில்லை என்றால் காப்பாற்றலாம். காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றே தாண்டும்வரை காய்ச்சி, அசையாத காற்றில் கருக்கும்வரை ஆறவிடுவதை மூன்று முறை செய்துவிட்டு மீண்டும் தோய்க்க வேண்டும். பொறி பறக்கும் அளவுக்குக் கருகிய இரும்புக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

தண்ணீரில் தோய்ப்பது

வில்பட்டைக்கு எண்ணெய்தான்.

பதம் பார்க்காமல் விடுவது

தோய்த்த அலகு கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. கீழே போட்டாலே போதும். அன்றே ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லச் சூடேற்றுங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என நிறம் ஓடிவரும். கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். மரத்தில் மோதும் அரிவாளுக்குப் பழுப்பு ஊதாவாகும் இடம்வரை போகலாம்.

முறிந்த என் அரிவாளின் பாதியைப் பெரியவர் பட்டறைத் தூணில் ஆணியடித்து, முறிந்த முகம் வாசலைப் பார்க்குமாறு தொங்கவிட்டார். அந்த இளைஞரை அதன் முன்னால்தான் முதலில் நிறுத்தினேன்.