ஆத்தங்குடிக் கல்லில் ஒரு தீர்மானம்: சமத்தில் வந்து விழுவது எப்படி?

கணக்கு என்றாலே எங்கள் செட்டிநாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பேரேடுதான். மிருதங்கம் கற்க வரும் பிள்ளைகளும் "லயத்தில் கணக்கு வரும்" என்றதும் அதே முகத்தோடுதான் உட்காருகிறார்கள். இத்தனைக்கும் மிருதங்க வித்வான் காரைக்குடி மணி பிறந்த ஊர் இது. அதனால் நான் நோட்டைக் கையில் கொடுப்பதில்லை. வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் மேல் புளியங்கொட்டையை வைத்துத்தான் தொடங்குவேன்.

ஒரே சொல்லை மூன்று முறை சொல்லி, மூன்றாவது முடிந்த மறு நொடி தாளத்தின் முதல் தட்டில், அதாவது சமத்தில், வந்து விழ வேண்டும். இதைத் தீர்மானம் என்பார்கள், முத்தாய்ப்பு என்பார்கள். சிறியதாக இருந்தால் மோரா. நாம் எடுத்துக்கொள்ளப்போவது ஆதி தாளமும் "ததிங்கிணதொம்" என்ற ஐந்தெழுத்துச் சொல்லும் மட்டுமே.

முதலில் தரையில் கட்டம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று லகுவுக்கு நான்கு. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று இரண்டு துருதத்துக்கு நான்கு. ஒவ்வொரு அட்சரத்துக்குள்ளும் "தகதிமி" என்று நான்கு மாத்திரை. ஆக 32. நான்கு கல் அகலம், எட்டு வரிசை நீளம் என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரிசை ஒரு அட்சரம், ஒரு கல் ஒரு மாத்திரை. வீட்டில் இப்படிக் கல் இல்லையென்றால் கட்டம் போட்ட தாள் போதும், ஆனால் அதில் நடக்க முடியாது.

இப்போது கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 40 அட்சரம் என்ற வேகம் போதும், ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 12 விநாடி ஆகும். லகு முழுவதும் நான்கு "தகதிமி". ஐந்தாம் அட்சரத்தின் தட்டில் ஒரே ஒரு "தாம்". அதற்கு அடுத்த மாத்திரையிலிருந்து "ததிங்கிணதொம்" மூன்று முறை, நடுவில் இடைவெளியே இல்லாமல். கல்லில் பார்த்தால் கடைசி நான்கு வரிசையும் இப்படி இருக்கும்:

தட்டு: தாம் – த – தி – கி
வீச்சு: ண – தொம் – த – தி
தட்டு: கி – ண – தொம் – த
வீச்சு: தி – கி – ண – தொம்
சமம்: தா!

மூன்று "த"வின் மேலும் ஒவ்வொரு புளியங்கொட்டை வையுங்கள். முதல் கொட்டை இரண்டாம் கல்லில், அடுத்த வரிசையில் மூன்றாம் கல்லில், அதற்கடுத்ததில் நான்காம் கல்லில். படிக்கட்டு மாதிரி ஒரு கல் ஒரு கல்லாக நகர்ந்து போகிறது. ஐந்து என்பது நாலும் ஒன்றும் அல்லவா, அந்த மிச்ச ஒன்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லைத் தட்டிலிருந்து இன்னும் தள்ளிவிடுகிறது. நாலாவது முறை சொல்வதாக இருந்தால் அது எங்கே தொடங்கும்? எட்டாம் வரிசையும் முடிந்து, அடுத்த வரிசையின் முதல் கல்லில். அதுதான் சமம். கேட்பவருக்கு "தாளம் எங்கோ போய்விட்டதே" என்று தோன்றி, சட்டென்று எல்லாம் ஒன்றுசேர்வதற்குக் காரணம் இதுதான். நான்கெழுத்துச் சொல்லை வைத்து இதே வேலையைச் செய்து பாருங்கள். சொல் நகரவே நகராது. முடிவு சரியாகத்தான் இருக்கும், ஆனால் வெல்லமில்லாத கந்தரப்பம் போல.

பழகும்போது முன்னாலிருந்து தொடங்காதீர்கள், பின்னாலிருந்து வாருங்கள். மூன்றாவது "ததிங்கிணதொம்" எப்போதும் சமத்துக்கு ஐந்து மாத்திரை முன்னால், அதாவது இரண்டாம் துருதத் தட்டின் நாலாவது கல்லில் தொடங்கும். அதை மட்டும் பத்து முறை சொல்லிச் சமத்தில் விழுங்கள். பிறகு இரண்டாவதைச் சேருங்கள், கடைசியில் முதலாவதை. இறங்க வேண்டிய இடம் வாய்க்குப் பழகிவிட்டால், கிளம்பிய இடத்தைப் பற்றிய பயம் போய்விடும்.

இது கைவந்த பிறகு கார்வை வைக்கலாம். கார்வை என்றால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் பேசாமல் விடும் மாத்திரை. இரண்டு மாத்திரை விடுவதாக வைத்துக்கொள்வோம். சொல் 15, கார்வை இரண்டு இடத்தில் இரண்டிரண்டாக 4, மொத்தம் 19. 32இல் 19 போக 13. ஆகவே 13 மாத்திரை கழித்து, 14ஆம் மாத்திரையில் எடுக்க வேண்டும். அது லகுவின் நடுவிரலில் இரண்டாம் கல். இரண்டாவது சொல் முதல் வீச்சிலேயே, கையோடு சேர்ந்து தொடங்கும். மூன்றாவது மட்டும் பழைய இடத்தில்தான், நகரவில்லை, பாருங்கள்.

கார்வை மூன்று இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில்தான். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். என்னிடம் வரும் ஒரு பையன் மூன்றாவதுக்குப் பிறகும் மூச்சு வாங்குவான். சமத் தட்டு விழுந்து அரை அட்சரம் கழித்துத்தான் "தா" வரும். "அண்ணே, கணக்கு சரிதானே?" என்று என்னையே கேட்பான். கணக்கு சரிதான் தம்பி, நீதான் ஒரு கார்வையைக் கூடுதலாக வைத்தாய்.

நேர்மாறான தப்பும் உண்டு. அரை அட்சரம் முன்னாலேயே முடிந்துவிட்டால் ஒரு கார்வையை விழுங்கிவிட்டீர்கள். ஒரு அட்சரம் முழுக்க முன்னால், கடைசி வீச்சில் முடிந்தால் இரண்டையும் விழுங்கியிருக்கிறீர்கள். கை தாளம் சரியாக இருக்கும்வரை, எங்கே விழுந்தோம் என்பதை வைத்தே எங்கே தவறினோம் என்று சொல்லிவிடலாம். கையே ஓடினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முகப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருநாள் அந்தப் பையனிடம் சொன்னார்: "ஏன்டா, மூணாவது தடவ மட்டும் பஸ்ஸப் புடிக்கப் போறவன் மாதிரி ஓடுற?" நான் சொல்ல நினைத்ததே அதுதான். முடிவு நெருங்கும்போது தாளத்தைச் சொல்லோடு சேர்த்து இழுத்துவிடுகிறோம். அதனால் கார்வையிலும் கை ஒரே சீராகத் தட்ட வேண்டும், கார்வையை மனத்துக்குள் "தக" என்று சொல்லிக்கொண்டால் குறையாது.

இதே போல மூன்று முறை சொல்லி முடிக்கும் தபலாக்காரர்களின் திஹாயியை இணையத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே மூன்றாவது சொல்லின் கடைசி அடியே சமத்தின் மேல் விழும். நாம் இங்கே போட்ட கணக்கில் "தொம்" சமத்துக்கு முந்தைய மாத்திரையில் முடிந்து, அடுத்த அடி சமத்தில் விழுகிறது. இரண்டையும் கலந்தால் ஒரு மாத்திரை இடிக்கும்.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒன்று. சொல்லை ஏழாக நீட்டுங்கள்: த–, தி–, கி ண தொம். த, தி இரண்டுக்கும் இரண்டிரண்டு கல். மூன்று முறைக்கு 21, கார்வை வேண்டாம். 32இல் 21 போக 11, அதைத் "தகதிமி தகதிமி தகிட" என்று நிரப்புங்கள். இப்போது மூன்று "த"வின் மேலும் புளியங்கொட்டை வையுங்கள். மூன்றாம் வரிசையில் நாலாவது கல், ஐந்தாம் வரிசையில் மூன்றாவது, ஏழாம் வரிசையில் இரண்டாவது. படிக்கட்டு இந்த முறை இடப்பக்கமாக இறங்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகத் தாண்டிக்கொண்டு, முதல் கல்லுக்கே வந்து சேரும்.