34 காட்டினால் நல்ல தண்ணியா? வோட்டர் பில்டரில் டீடீஎஸ் பார்ப்பது எப்படி

போகவந்தலாவையில் இருக்கும் சித்திக்கு அவர் மகன் கொழும்பிலிருந்து ஒரு வோட்டர் பில்டர் வாங்கி அனுப்பியிருந்தான். கூடவே தண்ணியில் கரைந்திருக்கும் உப்பை எண்ணாகக் காட்டும், பேனா மாதிரி ஒரு டீடீஎஸ் மீட்டரும் வந்தது. ஒரு வாரம் கழித்துச் சித்தி போன் எடுத்தார்.

"தம்பி, பீலித் தண்ணி 34 காட்டுது. மெஷின் தண்ணி 33 காட்டுது. ஒன்னுதானே கொறஞ்சிருக்கு? புள்ளைய ஏமாத்திட்டாங்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களையும் வைத்துப் பில்டர் வேலை செய்கிறதா என்று சொல்லவும் முடியாது. ஏன் என்பதைச் சித்தி வீட்டு மேசையில் வைத்துக் காட்டிய மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீட்டரைச் சரியாகப் பிடியுங்கள்

சுத்தமான கிளாஸ் ஒன்றை எடுத்து, சோதிக்கப் போகிற தண்ணியாலேயே இரண்டு தரம் அலசுங்கள். சவர்க்காரம் கழுவிய கிளாஸில் மிச்சம் ஒட்டியிருந்தால் அதுவே எண்ணை ஏற்றிவிடும். மீட்டரின் மூடியைக் கழற்றி, அடியிலுள்ள இரண்டு ஊசிகளையும் அதே தண்ணியில் நனைத்து உதறுங்கள். பிறகு குறித்திருக்கும் கோடு வரை மட்டும் அமிழ்த்தி, கிளாஸின் ஓரத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுங்கள். ஊசிகளுக்கு நடுவே காற்றுக்குமிழ் நின்றால் எண் குறைத்துக் காட்டும். அதற்காகத்தான் இந்தத் தட்டு.

எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்க அரை நிமிடம் விடுங்கள். எங்கள் பக்கம் காலையில் பீலித் தண்ணி கையை விறைக்க வைக்கும். மீட்டர் சூட்டுக்கு ஏற்ப எண்ணைத் தானே திருத்தும் என்றாலும் ஊசிக்கும் அந்தக் குளிர் ஏற வேண்டும். நின்ற பிறகு `HOLD` அழுத்தி வெளியே எடுத்துப் படியுங்கள். எண்ணின் பக்கத்தில் `ppm` என்று இருக்கிறதா பாருங்கள். `µS` என்று இருந்தால் அது வேறு அளவு, ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். சில மீட்டர்களில் பெரிய எண்களுக்கு `x10` என்று ஓரத்தில் வரும். அப்படி வந்தால் தெரிகிற எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும்.

ஒரு லீட்டர் தண்ணியில் எத்தனை மில்லிகிராம் உப்புப் பொருள்கள் கரைந்திருக்கின்றன என்பதே இந்த `ppm` எண். சித்தியின் பீலியில் லீட்டருக்கு 34 மில்லிகிராம்.

உப்பும் சீனியும்

இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். மீட்டர் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது இதில் விளங்கிவிடும்.

ஒரு லீட்டர் பீலித் தண்ணியில் தட்டையாக ஒரு தேக்கரண்டி தூள் உப்பைக் கரையுங்கள். அது ஏறக்குறைய 5 கிராம். அதிலிருந்து 100 மில்லிலீட்டர் மட்டும் எடுத்து, மறுபடி பீலித் தண்ணி சேர்த்து ஒரு லீட்டராக்குங்கள். இப்போது லீட்டருக்கு அரை கிராம் உப்பு இருக்கிறது. மீட்டர் 500க்கு மேலே எங்காவது காட்ட வேண்டும். சித்தி வீட்டில் 561 காட்டியது. கரண்டி அளவில் இவ்வளவு வித்தியாசம் வரத்தான் செய்யும். 450க்கும் 700க்கும் இடையில் வந்தால் மீட்டர் நம்பக்கூடியது.

அடுத்து, வேறு கிளாஸில் பீலித் தண்ணியை ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டு நன்றாகக் கலக்குங்கள். மீட்டரை விடுங்கள்.

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். 34. "பேட்டரி செத்துப் போச்சா?" என்றார்.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. மீட்டர் உண்மையில் எதையும் நிறுப்பதில்லை. ஒரு ஊசியிலிருந்து மற்ற ஊசிக்குத் தண்ணி வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்து, அதைக் கணக்குப் போட்டு ஒரு எண்ணாகக் காட்டுகிறது. உப்பு கரைந்தால் கரண்ட் போகும். சீனி கரைந்தால் போகாது. ஆகவே தண்ணி தித்தித்தாலும் மீட்டருக்குச் சீனி தெரியாது. அதே மாதிரிதான் கிருமியும். தண்ணியில் மிதக்கிற சேறும், பெரும்பாலான பூச்சிக்கொல்லிகளும் அப்படித்தான். யூரியாவைக் கரைத்தால்கூட உடனே எண் ஏறாது.

அப்படியானால் 34 என்ன சொல்கிறது?

எங்கள் மலைகளில் பாறை கடினமானது, எளிதில் கரையாது. மழையும் அதிகம். மழைத்தண்ணி மண்ணுக்குள் அதிக நாள் தங்காமல் ஊத்தாக வெளியே வந்துவிடுகிறது. உப்பைக் கரைத்துக்கொள்ள அதற்கு நேரம் இல்லை. அதனால் மலையகத்து ஊத்துகளில் 20, 34, 60 என்று காட்டுவது இயல்பு. அதில் பில்டருக்குப் பெருமை ஒன்றுமில்லை.

வவுனியாவில் இருக்கும் மாமா வீட்டுக் கிணற்றில் நான் அளந்தபோது 640. அங்கே மழை குறைவு. தண்ணி நிலத்துக்கடியில் நெடுநாள் கிடந்து கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இலங்கைத் தரநிர்ணயம் குடிதண்ணிக்கு விதித்திருக்கும் மேல் எல்லை 500. உலக சுகாதார நிறுவனம் சுவையை வைத்துப் பேசுகிறது: 600க்குக் கீழே இருந்தால் வாய்க்கு நன்றாக இருக்கும், 1000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காமல் போகும். மாமா வீட்டில் பிளேன்டி ஊற்றினால் மேலே ஒரு ஆடை படியும், சாயமும் மங்கலாக இருக்கும். நம் ஊர்த் தூளையே கொண்டு போனாலும் அப்படித்தான். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு பிடிக்கும்.

அந்த 640இல் சுண்ணாம்பு எவ்வளவு, புளோரைடு எவ்வளவு என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. பல்லைக் கறையாக்கும் புளோரைடு லீட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இருந்தாலே போதும். 640க்குள் அது தெரியவே தெரியாது. அதற்கு ஆய்வுகூடச் சோதனைதான் வழி.

பில்டரை எப்படிச் சோதிப்பது?

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று ஸ்டிக்கரில் பாருங்கள். கரைந்த உப்பை நுண்ணிய ஜவ்வால் பிரித்து வெளியேற்றுவது `RO` வகை மட்டுந்தான். `UV` என்பது கிருமியை ஒளியால் கொல்லும் விளக்கு. `UF` என்பது கிருமியையும் சேற்றையும் தடுக்கும் நுண்சல்லடை, ஆனால் உப்பு அதற்குள் சுலபமாகப் போய்விடும். சித்தியின் மெஷினில் இருந்தவை `UF`உம் `UV`உம். அதில் 34 உள்ளே போய் 33 வெளியே வருவதுதான் சரி. அந்த ஒன்று குறைந்ததுகூட மீட்டரின் தடுமாற்றம்.

மாமா வீட்டில் இருப்பது `RO`. அங்கே மீட்டருக்கு நிஜமான வேலை உண்டு. உள்ளே போகும் தண்ணியையும் வெளியே வரும் தண்ணியையும் ஒரே நாளில், ஒரே மீட்டரில் அளக்க வேண்டும். மெஷின் இரவெல்லாம் சும்மா இருந்தால் முதலில் வருகிற தண்ணி கூடுதலாகக் காட்டும். அதனால் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தாங்கியில் சேர்ந்ததை எடுக்காமல், ஜவ்விலிருந்து வருவதை நேராகப் பிடியுங்கள். புதிதில் அங்கே 640 உள்ளே, 48 வெளியே:

```
(640 - 48) / 640 x 100 = 92.5
```

நூற்றுக்கு 92 பங்கு உப்பைப் பிடித்திருக்கிறது. `RO` ஜவ்வு நல்ல நிலையில் இருந்தால் 90ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ வரும். போன மாதம் அதே வீட்டில் 640க்கு 130 வந்தது. கணக்குப் போட்டால் 80தான். ஜவ்வு தேயத் தொடங்கிவிட்டது, மாற்ற ஆயத்தமாக வேண்டும்.

இதே கணக்கை மலையகத்தில் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 34 உள்ளே போய் 4 வந்தால் 88. 7 வந்தால் 79. மூன்றே எண்தான் வித்தியாசம். மலிவான மீட்டர் தன் பிழையாலேயே அவ்வளவு ஆடும். உண்மையில் 34 காட்டும் பீலிக்கு `RO` எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஒரு லீட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லீட்டரை வீணாகக் கழிவுக் குழாயில் விடும். இல்லாத உப்பை எடுக்க எதற்கு அந்தச் செலவு?

விற்பவர்கள் சிலர் இரண்டு கம்பிகளைத் தண்ணியில் விட்டுக் கரண்ட் கொடுத்து, பழுப்பாகக் கசடு மிதப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பிலிருந்து வந்தது. `RO` தண்ணியில் உப்பு இல்லாததால் கரண்ட் ஓடாது, இரும்பும் கரையாது, தெளிவாக இருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

34க்குள் ஒளிந்திருப்பது

நம் பக்கத்துப் பயம் உப்பு இல்லை. ஊத்துக்கண்ணுக்கு மேலே இருக்கும் லயத்துக் கக்கூஸ் குழியும் மாட்டுப்பட்டியும்தான். பெரிய மழை பெய்த மறுநாள் பீலி கலங்கி வரும். அப்போது மழைத்தண்ணி கலந்து டீடீஎஸ் 34இலிருந்து 25க்குக்கூட இறங்கும். எண் அழகாக இருக்கும் அன்றுதான் கிருமி அதிகம். கலங்கல் தண்ணிக்குள் `UV` ஒளியும் சரியாகப் போகாது. முதலில் வாளியில் தெளியவிட்டு வடிகட்டி, அதன் பிறகு மெஷினில் ஊற்றுங்கள்.

சந்தேகமான நாளில் கொதிக்க வையுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், கிருமி சாக அது போதும். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். நிரந்தரமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கிருமிச் சோதனைக்கு மாதிரி கொடுங்கள். கொதிக்க வைத்த தண்ணியை மீட்டரில் அளந்து எண் குறையவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஆவி போவதால் ஒன்றிரண்டு கூடத்தான் செய்யும்.

மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம்

கிழமைக்கு ஒரு தரம் பீலியை அளந்து கலண்டரில் எழுதிவிடும்படி சித்தியிடம் சொன்னேன். கோடையில் எண் மெல்ல ஏறும், அது இயல்பு. ஒரே இரவில் ஏறினால்தான் பார்க்க வேண்டும்.

மாசி மாதம் முழுக்க 36, 37 என்று எழுதியவர், ஒரு காலை 71 என்று போன் எடுத்தார். மழை இல்லை, தண்ணியும் கண்ணாடி மாதிரி இருந்தது. ஊருக்கு வந்திருந்த அவர் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் குழாயோடு ஏறிப் பார்த்தார்கள். தொட்டிக்குச் சற்று மேலே ஓடையில் யாரோ உரச் சாக்குகளை அலசி வேலியில் காயப்போட்டிருந்தார்கள். சில உரங்கள் உப்புகளே, கரைந்தால் மீட்டர் பிடித்துவிடும். ஆனால் கொதிக்க வைத்தால் உரம் போகாது. அதனால் இரண்டு நாள் அடுத்த லயத்துப் பீலியில் பிடித்துக் குடித்தார்கள். தொட்டியைத் திறந்து கழுவிவிட்டு, மூன்றாம் நாள் அளந்தபோது கலண்டரில் 38.