மண் பரிசோதனை ரிப்போர்ட் கைல இருக்கு, இப்ப எத்தனை மூட்டை என்ன உரம் வாங்கணும்?

பெரியப்பா வயலோட மண் வள அட்டைய வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு "இதப் பாத்து என்ன போடணும்னு மட்டும் சொல்லுப்பா"ன்னு கேட்டார். 12 வரி, 12 நம்பர். இதே கேள்வியோட நிறைய பேர் இருப்பீங்க, அதனால அந்த கார்டையே வச்சு கடைசி மூட்டை வரைக்கும் கணக்கு போட்டுக் காட்டுறேன். 1 ஏக்கர் நஞ்சை, மத்திய கால நெல், நடவு.

கார்டுல இருந்தது: பிஎச் 8.2, ஈசி 0.4, கரிம கார்பன் 0.45 சதம், தழைச்சத்து 210, மணிச்சத்து 38, சாம்பல்சத்து 310 (மூணும் ஹெக்டேருக்கு கிலோ), துத்தநாகம் 0.5 பிபிஎம். மத்த நுண்ணூட்டம் எல்லாம் "போதுமானது"ன்னு இருந்துச்சு, அதனால அதை விட்டுடலாம்.

முதல்ல ஈசிய பாருங்க. 1க்கு கீழ இருந்தா உப்பு பிரச்சனை இல்ல, அடுத்த வரிக்கு போங்க. பிஎச் 8.2ன்னா கொஞ்சம் களர் பக்கம் சாயுது, துத்தநாகம் பயிருக்கு கிடைக்காம மண்ணுல கட்டிப்போகும், அதை மனசுல வச்சுக்கங்க, கடைசில வரும். 8.5ஐ தாண்டினா ஜிப்சம் பேச்சு வரும், ஆனா எவ்வளவு ஜிப்சம்னு இந்த கார்டு சொல்லாது, அதுக்குன்னு ஜிப்சம் தேவை டெஸ்ட் தனியா எடுக்கணும். பிஎச்ச மட்டும் பாத்துட்டு மூட்டை மூட்டையா ஜிப்சம் கொட்டாதீங்க.

எல்லாரும் நிக்கிற இடம்

பெரியப்பாவோட அடுத்த கேள்வி இதான்: "மண்ணுல சாம்பல்சத்து 310 கிலோ இருக்குன்னு போட்டிருக்கான், நெல்லுக்கு சிபாரிசு 50 கிலோ தான், அப்ப ஏன் பொட்டாஷ் வாங்கணும்?" நியாயமான கேள்வி தான், எனக்கும் இது புரிய ரொம்ப நாள் ஆச்சு.

அந்த 310 கையிருப்பு கணக்கு இல்ல. லேப்ல மண்ண ஒரு கரைசல்ல போட்டு குலுக்கி அதுல எவ்வளவு இறங்குதுன்னு பாக்குறாங்க. அதுல வர்றது அத்தனையும் இந்த போகத்துலயே வேர் எடுத்துக்கும்னு அர்த்தம் கிடையாது. அந்த நம்பரோட வேலை ஒண்ணே ஒண்ணு தான், உங்க மண்ணு குறைவா, நடுத்தரமா, அதிகமான்னு சொல்றது. அதனால சிபாரிசுல இருந்து மண்ணுல இருக்கறத கழிக்கவே கூடாது. மணிச்சத்துல கழிச்சா இன்னும் தப்பாகும், கார்டுல இருக்கறது வெறும் P, உர மூட்டைல போட்டிருக்கறது P2O5, ரெண்டும் வேற அளவு.

ஹெக்டேருக்கு கிலோ கணக்குல நம்ம ஊர்ல பாக்குற எல்லை இது:

தழைச்சத்து 280க்கு கீழ குறைவு.
மணிச்சத்து 11க்கு கீழ குறைவு, 22க்கு மேல அதிகம்.
சாம்பல்சத்து 118க்கு கீழ குறைவு, 280க்கு மேல அதிகம்.

அப்ப நம்ம கார்டு: தழை குறைவு, மணி அதிகம், சாம்பல் அதிகம். இதுக்கு மேல அந்த நம்பர்கள மறந்துடலாம்.

இப்ப மூட்டை கணக்கு

மத்திய கால நெல்லுக்கு பொது சிபாரிசு ஹெக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்கு மாத்தினா 60:20:20. குறைவுன்னா கால் பங்கு கூட்டு, அதிகம்னா கால் பங்கு குறை, நடுத்தரம்னா அப்படியே போடு. ஆக தழை 75, மணி 15, சாம்பல் 15 கிலோ.

இது சத்து, உரம் இல்ல. உரமாக்க மூட்டைல இருக்கற சதவீதத்தால வகுக்கணும்:

```
யூரியா (46%)          : 75 / 0.46 = 163 கிலோ
சூப்பர் பாஸ்பேட் (16%) : 15 / 0.16 = 94 கிலோ
பொட்டாஷ் (60%)        : 15 / 0.60 = 25 கிலோ
```

சூப்பர் 50 கிலோ மூட்டை, ரெண்டு வாங்கினா சரியா இருக்கும். பொட்டாஷ் அரை மூட்டை. யூரியா இப்ப 45 கிலோ மூட்டை, அதனால மூணரை மூட்டைக்கு கொஞ்சம் மேல. சூப்பர் முழுக்க அடியுரம். யூரியாவயும் பொட்டாஷயும் நாலா பிரிச்சு அடியுரம், தூர் கட்டுறப்ப, கதிர் உருவாகுறப்ப, கதிர் வெளிவர்றப்பன்னு போடுங்க, தடவைக்கு யூரியா 40 கிலோ கிட்ட வரும்.

கடைல டிஏபி தான் எடுத்துக் கொடுப்பாங்க. என் கட்சி சூப்பர் தான். சூப்பர்ல கந்தகமும் கால்சியமும் கூடவே வருது, டிஏபில அது இல்ல. சூப்பர் கிடைக்கலன்னா இந்த வயலுக்கு டிஏபி 33 கிலோ போதும், அதுல 6 கிலோ தழைச்சத்து வந்துடும், யூரியாவ 150 கிலோவா குறைச்சுக்கலாம். வழக்கமா போடுறோமேன்னு ஒரு முழு மூட்டை டிஏபி இறக்கினா தேவைக்கு மேல தான் போகுது, அதோட விளைவு அடுத்த பத்தில பாருங்க.

இந்த கார்டுல உண்மையான பிரச்சனை துத்தநாகம்

மணிச்சத்து அதிகம், பிஎச் 8.2, துத்தநாகம் 0.5. மூணும் ஒண்ணா வந்தா முதல் ரெண்டும் சேர்ந்து மூணாவத இன்னும் அமுக்கும். நட்டு ரெண்டு மூணு வாரத்துல இலைல துரு மாதிரி பழுப்பு புள்ளி வரும், இளம் இலையோட நடு நரம்பு அடிப்பக்கம் வெளிறும், பயிர் திட்டுத்திட்டா குட்டையா நிக்கும். அதைப் பாத்து தழைச்சத்து பத்தலன்னு யூரியா அள்ளி வீசுவாங்க, தேறாது.

ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்ட 20 கிலோ காஞ்ச மணல்ல கலந்து, பரம்படிச்சு முடிச்ச அப்புறம் நடவுக்கு சத்த முன்னாடி சீரா தூவுங்க. சூப்பரோடயோ டிஏபியோடயோ ஒரே கூடைல கலக்காதீங்க, மணிச்சத்தும் துத்தநாகமும் சேந்து பயிருக்கு கிடைக்காத உப்பா மாறிடும். நட்ட பிறகு தான் அறிகுறி தெரிஞ்சுதுன்னா 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா போட்டு இலை மேல தெளிங்க, 15 நாள் விட்டு இன்னொரு தடவை.

தழைச்சத்து நம்பர நான் பெருசா நம்பறதில்ல, அது மண்ணுல சீக்கிரம் மாறும், சில லேப்ல கரிம கார்பன வச்சே கணக்கு போட்டு எழுதிடுவாங்க. மேலுரம் போடுறதுக்கு முன்னாடி இலை வண்ண அட்டைய வச்சுப் பாருங்க, வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகத்துக்கு 4, அதுக்கு கீழ போனா தான் யூரியா.

பின்னாடி சேத்தது: ஒருத்தர் தன் தனியார் லேப் ரிப்போர்ட்ல மணிச்சத்து 14ன்னு இருக்கு, அப்ப நடுத்தரமான்னு கேட்டிருந்தார். அவர் ரிப்போர்ட் பிபிஎம்ல இருக்கு. பிபிஎம்ம 2.24ஆல பெருக்கினா ஹெக்டேருக்கு கிலோ, அப்ப 31, அதாவது அதிகம். முதல்ல யூனிட்ட பாத்துட்டு தான் எல்லையோட ஒப்பிடணும்.

இன்னொண்ணு: "நான் மண்ணே எடுத்துக் கொடுக்கல, கார்டு மட்டும் வந்துச்சு"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. மண் வள அட்டை திட்டத்துல ஆரம்பத்துல பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒண்ணு, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒண்ணுன்னு கட்டம் போட்டு தான் மாதிரி எடுத்தாங்க, அதனால உங்க கார்டுல இருக்கறது பக்கத்து வயல் மண்ணா இருக்கலாம். அந்த கார்ட வச்சு இந்த கணக்க போடாதீங்க. அறுவடை முடிஞ்சு, உரம் எதுவும் போடுறதுக்கு முன்னாடி, வரப்பு ஓரம், மர நிழல், எருக்குப்பை கிடந்த இடம் எல்லாம் விட்டுட்டு, வயல்ல பத்து பதினஞ்சு இடத்துல மண்வெட்டியால 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வி வடிவத்துல வெட்டி, வெட்டுன ஓரத்து மண்ண மேல இருந்து கீழ வரைக்கும் சுரண்டி, கலந்து, அரை கிலோ நிழல்ல உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்துல நீங்களே கொடுங்க. இரும்பு வாளில கலக்காதீங்க, நாகம் பூசின வாளின்னா துத்தநாக நம்பரே மாறிடும், பிளாஸ்டிக் தொட்டி எடுத்துக்கங்க.