ஆப்டிமைசர் ஏன் 57, −30 என்று எடை போடுகிறது? மூன்று ஃபண்டில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல் சொன்ன கணக்கு எளிமையானது. ஒவ்வொரு முதலீட்டின் எதிர்பார்க்கும் வருமானம், ஏற்ற இறக்கம், ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து ஆடுகின்றன என்பது, இந்த மூன்றையும் கொடுத்தால், எடுக்கும் ரிஸ்க்குக்கு அதிகபட்ச வருமானம் தரும் கலவை கிடைக்கும். அதைக் கணக்கிடும் ப்ரோகிராம்தான் ஆப்டிமைசர். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் நிஜ எண்களைப் போட்டதும் "இதில் 100 சதவீதம் வாங்கு, அதில் 74 சதவீதம் ஷார்ட் அடி" என்று விடை வரும். ஷார்ட் என்றால் கையில் இல்லாததைக் கடன் வாங்கி விற்பது, விடையில் அது மைனஸ் எடையாக வரும். அடுத்த மாதம் அதே ப்ரோகிராம் நேர் எதிராகச் சொல்லும். இது எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் சரிபார்க்கிற அளவுக்குச் சின்ன உதாரணத்தில் பார்ப்போம். பைத்தானும் நம்பையும் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உள்ளீடு

மூன்று ஃபண்ட். அ, ஆ இரண்டும் பங்கு ஃபண்டுகள், ஆண்டு ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம்) தலா 20%. இரண்டும் ஏறக்குறைய ஒரே பங்குகளை வைத்திருப்பதால், சேர்ந்து ஆடும் அளவான ஒட்டுறவு 0.95. மூன்றாவது பாண்ட் ஃபண்ட், ஏற்ற இறக்கம் 6%, மற்ற இரண்டோடும் ஒட்டுறவு பூஜ்யம். வருமானம் எல்லாமே ரிஸ்க் இல்லாத வட்டியைக் கழித்த பிறகு மிஞ்சுவது: அ 6%, ஆ 6%, பாண்ட் 1.5%.

படி 2: ஓட்டிப் பார்ப்பது

```python
import numpy as np

mu  = np.array([0.06, 0.06, 0.015])
vol = np.array([0.20, 0.20, 0.06])
R   = np.array([[1, .95, 0], [.95, 1, 0], [0, 0, 1]])
S   = np.outer(vol, vol) * R

w = np.linalg.solve(S, mu)
w = w / w.sum()
print((w * 100).round(1))
```

விடை: அ 13.5, ஆ 13.5, பாண்ட் 73.0. யார் பார்த்தாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய கலவை.

ஆப்டிமைசேஷனுக்கென்றே தனி லைப்ரரிகள் உண்டு, முதல் நாளே அவற்றுக்குப் போகாதீர்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாவிட்டால் அவை தேடுவதும் இந்த ஒரு வரி `solve` தரும் விடையைத்தான். லைப்ரரி பல நேரம் கேட்காமலேயே ஷார்ட்டைத் தடுத்துவிடும். நோய் மறைந்துவிடும், குணமாகாது.

படி 3: அரை சதவீதம் தள்ளுவது

இப்போது ஒரே ஒரு மாற்றம். அ-வை 6.5% ஆக்குங்கள், ஆ-வை 5.5% ஆக்குங்கள். மற்றதைத் தொட வேண்டாம்.

விடை: அ 57.3, ஆ −30.3, பாண்ட் 73.0.

பாண்ட் அசையவே இல்லை. பங்குகளின் மொத்தமும் அதே 27% தான். அந்த 27-க்குள் மட்டும் பெரிய களேபரம். அ 7%, ஆ 5% என்று வைத்தால் 101.1, −74.2 என்று போகும். இந்த உதாரணத்தில் அ-வை 0.1% ஏற்றி ஆ-வை 0.1% இறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டின் எடையும் கிட்டத்தட்ட 8.8 சதவீதப் புள்ளி எதிரெதிர்த் திசையில் நகர்கிறது.

படி 4: ஏன் இப்படி (எல்லோரும் தடுக்கி விழும் இடம்)

அ, ஆ என்று தனித்தனியாகப் பார்க்காமல், "இரண்டும் சேர்ந்து" என்றும் "அ-விலிருந்து ஆ-வைக் கழித்து" என்றும் பாருங்கள். ஆப்டிமைசர் பார்ப்பது அப்படித்தான். சேர்ந்து ஆடும் திசையில் மாறுபாடு, அதாவது ஏற்ற இறக்கத்தின் வர்க்கம், 0.04 × 1.95 = 0.078. கழித்தல் திசையில் 0.04 × 0.05 = 0.002. முன்னது பின்னதைப் போல 39 மடங்கு. `solve` ஒவ்வொரு திசையையும் அதன் மாறுபாட்டால் வகுக்கிறது. சேர்ந்த திசையில் நம் வருமானக் கணிப்பு சுமார் 13-ஆல் பெருக்கப்படும், கழித்தல் திசையிலோ 500-ஆல்.

அ-வை வாங்கி ஆ-வை விற்றால் ரிஸ்க் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மிஞ்சும் 1% வருமானம் ஆப்டிமைசருக்குக் கொள்ளை மலிவாகத் தெரிகிறது, அதனால் அள்ளிக் குவிக்கிறது. நீங்கள் கொடுத்த எண்கள் உண்மையென்றால் அது செய்வது முழுக்கச் சரி.

அந்த 1% உண்மையா என்பதுதான் கேள்வி. அ, ஆ வித்தியாசத்தின் ஆண்டு திட்ட விலக்கம் 6.3%. பத்து வருடத் தரவு இருந்தால் சராசரி வித்தியாசத்தின் திட்டப் பிழை 6.3 ÷ √10 = 2%. நாம் நுழைத்த 1% அதில் பாதிதான். புள்ளியியல் கண்ணுக்கு அது பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத தூசு. இரண்டு திட்டப் பிழை அளவுக்காவது உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் 160 வருடத் தரவு தேவை. நம் கையில் இருப்பது பத்து வருடத் தூசு, ஆப்டிமைசர் பெருக்குவது 500-ஆல். ரிச்சர்ட் மிஷோ 1989-ல் இந்த முறையைப் "பிழையைப் பெரிதாக்கும் இயந்திரம்" என்ற பொருளில் விமர்சித்தது இதைத்தான்.

ஒட்டுறவு கூடக் கூட நிலைமை மோசமாகும். 0.95-ஐ 0.98 ஆக்கினால் அதே 6.5, 5.5-க்கு அ 123, ஆ −97. 0.85 என்றால் 28.4, −0.4 மட்டுமே. ஒரே மாதிரியான இரண்டு ஃபண்டை உள்ளே விட்டாலே ஆபத்து என்பது இதனால்தான். முதலில் பட்டியலைச் சுருக்குங்கள், 0.95-க்கு மேல் ஒட்டுறவு உள்ள ஜோடியில் ஒன்று போதும்.

படி 5: தப்பினால் எவ்வளவு நஷ்டம்?

ஷார்ப் விகிதத்தில், அதாவது மிஞ்சும் வருமானத்தை ஏற்ற இறக்கத்தால் வகுத்துப் பார்க்கலாம். 6.5, 5.5 தான் உண்மை என்றால் 57.3/−30.3/73 என்ற "மேதாவி" கலவைக்கு 0.42, சாதாரண 13.5/13.5/73 கலவைக்கு 0.39. ஆதாயம் வெறும் 0.03. உண்மையில் இரண்டும் 6% என்றால் மேதாவிக்கு 0.37. தலைகீழாக அ 5.5, ஆ 6.5 என்று அமைந்துவிட்டால் 0.31. இந்த மூன்று நிலைமையிலும் சாதாரணக் கலவை 0.39-லேயே நிற்கிறது. இவ்வளவு எடைப் புரட்டலுக்கும் கிடைக்கும் ஆதாயம் காகிதத்திலேயே இத்தனை மெல்லிசு. இதில் தரகு, வரி, ஷார்ட் செய்யும் செலவு எதையும் சேர்க்கவில்லை.

படி 6: உங்கள் எண்களைக் குலுக்கிப் பார்ப்பது

சொந்தப் பட்டியலுக்கு இதைச் செய்யாமல் எந்த விடையையும் நம்ப வேண்டாம். படி 2-க்குக் கீழே சேருங்கள்:

```python
rng = np.random.default_rng(1)
years = 10
for _ in range(20):
    m = rng.multivariate_normal(mu, S / years)
    x = np.linalg.solve(S, m)
    print((x / x.sum() * 100).round(1))
```

பத்து வருடத் தரவில் இயல்பாக இருக்கும் பிழையை வருமானத்தில் கலந்து இருபது முறை ஓட்டுகிறது. ஒரு ஃபண்டின் எடை வரிக்கு வரி கூட்டல் கழித்தல் குறி மாறினால், அந்த ஃபண்டைப் பற்றி உங்கள் தரவுக்கு எந்தக் கருத்தும் இல்லை என்று அர்த்தம். சில வரிகளில் ஆயிரக்கணக்கில் எண் வந்தால் பயப்பட வேண்டாம், `x.sum()` பூஜ்யத்துக்கு அருகே போயிருக்கும்.

படி 7: சரிசெய்வது

எல்லோரும் முதலில் போடுவது "ஷார்ட் கூடாது" என்ற கட்டுப்பாடு. போட்டால் 6.5, 5.5-க்கு அ 28.1, ஆ 0, பாண்ட் 71.9. பார்க்க அடக்கமாக இருக்கிறது. ஆனால் கணிப்பு இடம் மாறினால் அ 0, ஆ 28.1 என்று முழுசாகக் குதிக்கும். சேதத்துக்கு வரம்பு கட்டும் வேலி அது, அவ்வளவுதான். வேலி வேண்டும், வேலி மட்டும் போதாது.

என் பரிந்துரை, வருமானக் கணிப்பையே சுருக்குவது. ஒரே வகை ஃபண்டுகளின் சராசரியை எடுத்து, ஒவ்வொன்றையும் அதை நோக்கி இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது? இப்படி இரண்டு ஃபண்டுக்கு இடையே நிஜமான வித்தியாசம் எந்த அளவில் இருக்கும் என்று நீங்களே ஒரு மதிப்பு வைக்க வேண்டும். சாதாரணமாக 1% என்று வைப்போம். தரவின் திட்டப் பிழை 2%. அப்படியானால் தரவு காட்டும் வித்தியாசத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய பங்கு 1² ÷ (1² + 2²) = 0.2, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 6.5, 5.5 என்பது 6.1, 5.9 ஆகும். விடை: அ 22.2, ஆ 4.7, பாண்ட் 73.0. அ பக்கம் சாய்வு இருக்கிறது, ஷார்ட் இல்லை, கட்டுப்பாடே போடவில்லை.

பாதி இழுத்தால் போதுமே என்று தோன்றும். 6.25, 5.75 போட்டுப் பாருங்கள்: 35.4, −8.4. போதாது. "பாதி" என்று மனம்போன போக்கில் வைக்காமல் திட்டப் பிழையிலிருந்து கணக்கிடச் சொல்வது இதனால்தான்.

பிற்சேர்க்கை 1: "தினசரித் தரவு வைத்திருக்கிறேன், பத்து வருடத்துக்கு 2,500 வரி, பிழை குறையாதா?"

ஏற்ற இறக்கத்துக்கும் ஒட்டுறவுக்கும் குறையும். சராசரி வருமானத்துக்குக் குறையாது. நடுவே எத்தனை வரி இருந்தாலும், மொத்த வருமானத்தை முடிவு செய்வது முதல் விலையும் கடைசி விலையும்தான். சராசரியின் பிழை எத்தனை வருடம் என்பதை மட்டுமே பொறுத்தது. லெடோய்ட்-வுல்ஃப் முறையில் கோவேரியன்ஸை, அதாவது நம் `S`-ஐ மட்டும் சுருக்குவதும் பாதி மருந்துதான். படி 4-ல் ஒட்டுறவு இறங்கியபோது பார்த்ததுபோல் பெருக்கல் குறையும், ஆனால் வருமானத்தில் உள்ள தூசு அப்படியே இருக்கும்.

பிற்சேர்க்கை 2: "எல்லா எடையும் தலைகீழாக வருகிறது"

மாத வருமானத்திலிருந்து ஆண்டு வட்டியைக் கழித்திருப்பீர்கள். மாதம் 0.9% சராசரியிலிருந்து ஆண்டு 4%-ஐக் கழித்தால் `mu` முழுவதும் மைனஸ் ஆகிவிடும், `x.sum()`-உம் மைனஸ். மைனஸை மைனஸால் வகுத்தால் ப்ளஸ், அதனால் எடைகள் பார்வைக்கு ஒழுங்காகவே வரும். ஆனால் அதிகம் நஷ்டமாகத் தெரியும் ஃபண்டுக்கு அதிக எடை போயிருக்கும். வகுப்பதற்கு முன் `x.sum()`-ஐ அச்சிடுங்கள். மைனஸ் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு அலகுகளைச் சரிபாருங்கள். வட்டியைக் கழிக்காமல் மாதம், ஆண்டு மட்டும் குழம்பியிருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. எல்லா வருமானமும் ஒரே எண்ணால் பெருகியிருப்பதால் எடை மாறாது, ஷார்ப் விகிதம் மட்டும் நம்பமுடியாத அளவுக்குக் கூடியோ குறைந்தோ வரும்.