வைரத்தின் இடுப்பில் இருக்கும் எண்ணைப் படிப்பது எப்படி?

சான்றிதழ் எண் பெரும்பாலும் வைரத்தின் கிர்டிலில், அதாவது மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் மெல்லிய விளிம்பில், லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். கல்லை ட்வீசரில் பக்கவாட்டில் பிடித்து, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சிறு கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாகச் சுழற்றுங்கள். வெளிச்சம் சாய்வாகப் பட்டால்தான் எழுத்து பளிச்சிடும். கண் தடுமாறினால் 20 மடங்கு லூப் எடுக்கலாம். நகையில் பதித்த கல் என்றால், கவ்வும் பல்லுக்கு அடியில் எண் மறைந்திருக்கலாம்.

சான்றிதழிலுள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு அதே எண்ணை சான்றிதழ் தந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு, அசல் அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

எண் ஒத்துப்போனதும் நிம்மதியாகிவிட வேண்டாம். இயற்கை வைரத்தின் எண்ணை ஆய்வகத்தில் உருவாக்கிய வைரத்தில் பொறித்து ஏமாற்றியது ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது. அளவுகளைப் பாருங்கள். அறிக்கையில் விட்டம் 6.42 – 6.45 மி.மீ. என்றிருக்க, உங்கள் அளவுக் கருவி 6.31 காட்டினால், எண் என்ன சொன்னாலும் அது வேறு கல். அளவும் பொருந்தினால், அறிக்கையில் வரைந்துள்ள உட்குறைகளை லூப்பில் தேடுங்கள். எண்ணைப் பொறித்துவிடலாம், உள்ளே இருக்கும் புள்ளியை அதே இடத்தில் வைக்க முடியாது.