அமிட்ரிப்டிலின் அளவு மீறியவருக்கு பைகார்பைச் சொட்டுச் சொட்டாக ஏற்றாதீர்கள்

ஒவ்வொரு வருடமும் புதிய ஹவுஸ் சர்ஜன்கள் வார்டுக்கு வரும்போது இதே தவறுகளும் கூடவே வருகின்றன. இ.சி.ஜி. எடுக்க மறப்பது, சர்க்கரை பார்க்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை சிஸ்டர்களே திருத்திவிடுவார்கள். அமிட்ரிப்டிலின் போன்ற டிரைசைக்ளிக் மருந்தை அளவு மீறிச் சாப்பிட்டு வருபவர்களிடம் படித்தவர்களே செய்கிற, செய்வது சரி என்று நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகளைத்தான் சொல்கிறேன். அதில் ஒன்று, சோடியம் பைகார்பனேட் என்கிற பைகார்பைக் கொடுக்கும் விதம், இன்றைக்கும் எனக்கு ஆத்திரத்தை வரவழைப்பது. அதை விரிவாகவே எழுதுகிறேன்.

## "மனநல மாத்திரை எதுவும் இல்லை" என்று நம்பிவிடுவது

டிரைசைக்ளிக் மருந்து என்றதும் மனச்சோர்வு நோயாளியின் வீட்டைத்தான் நினைக்கிறோம். ஆனால் அமிட்ரிப்டிலின் இன்று கால் எரிச்சலுக்கும், ஒற்றைத் தலைவலிக்கும், தூக்கமின்மைக்கும் கொடுக்கப்படுகிறது. சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டில் "நரம்பு மாத்திரை" என்ற பெயரில் அது அலமாரியில் கிடக்கும். உறவினரிடம் மனநல மாத்திரை உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது பொய்யுமல்ல. "வீட்டில் யாருக்காவது கால் எரிச்சலுக்கு மாத்திரை உண்டா? அட்டையை எடுத்துட்டு வாங்க" என்று கேளுங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் அரளிக்கொட்டை தின்று வருபவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இதயத் துடிப்பு கெட்ட விஷம் என்றாலே அரளிதான் முதலில் தோன்றும். அரளியில் பெரும்பாலும் நாடி மெதுவாகும், பிளாக் வரும். டிரைசைக்ளிக்கில் நாடி வேகமாக ஓடும், க்யூ.ஆர்.எஸ். அகலும். கூடவே வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, தோல் வியர்வையின்றிச் சூடாக, சிறுநீர்ப்பை நிரம்பி இருந்தால் சந்தேகம் வலுக்க வேண்டும்.

## வேகத்தைப் பார்த்துவிட்டு அகலத்தை விட்டுவிடுவது

மானிட்டரில் 130 என்று ஓடும். பயத்தில் வந்த சைனஸ் டேக்கிகார்டியா என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காகிதத்தில் பன்னிரண்டு லீடும் எடுத்து மேசையில் விரித்துப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஓடும் காகிதத்தில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். க்யூ.ஆர்.எஸ். இரண்டரைக் கட்டத்தைத் தாண்டினால், அதாவது 100ஐத் தாண்டினால், வலிப்பு வரும் ஆபத்து தொடங்குகிறது. நான்கு கட்டம், அதாவது 160ஐத் தொட்டால் வென்ட்ரிகுலர் அரித்மியா வரும் ஆபத்து. இந்த இரண்டு எல்லைகளும் 1985இல் வெளியான ஆய்விலிருந்து வந்தவை, இன்றும் படுக்கையருகே பயன்படுகின்றன.

அடுத்து ஏ.வி.ஆர். லீடைப் பாருங்கள். யாரும் பார்க்காமல் விடுகிற லீட் அது. சாதாரணமாக அதில் எல்லாம் கீழ்நோக்கி இருக்கும். இந்த விஷத்தில் க்யூ.ஆர்.எஸ்.ஸின் கடைசிப் பகுதி மேலே எழும்பி ஒரு ஆர் அலையாக நிற்கும். அது 3 மில்லிமீட்டர் இருந்தாலே எச்சரிக்கை. அதே நேரம் முதலாம் லீடில் எஸ் அலை ஆழமாகும். இதயத்தின் வலப்பக்கக் கடத்துபாதை இந்த மருந்துக்கு அதிகமாகத் தளர்கிறது, அதனால் வலப்பக்கம் தாமதமாக எழுகிறது. அந்தத் தாமதம்தான் ஏ.வி.ஆர். லீடில் தெரிகிறது.

முதல் இ.சி.ஜி. நன்றாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அது அடையாளமே தெரியாமல் மாறும்.

## பெரிய தவறு: ஏ.பி.ஜி.க்குக் காத்திருந்து, பைகார்பைச் சொட்டாக ஏற்றுவது

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட வேலைக்காரப் பெண்மணி ஒருவர், சுமார் 50 கிலோ. மாமியாரின் நரம்பு மாத்திரைகளைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வேறு ஓர் இடத்தில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து எங்களிடம் வந்தார். அரை மயக்கம், நாடி 130, பிரஷர் 84/50. க்யூ.ஆர்.எஸ். நான்கு கட்டம். ஏ.வி.ஆர். லீடில் ஆர் அலை 5 மில்லிமீட்டர். கையில் ஒரு பாட்டில் நார்மல் சலைன் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் 10 மில்லி பைகார்ப் ஆம்பூல் இரண்டு கலந்திருப்பதாகச் சீட்டில் எழுதியிருந்தது.

கூட வந்த இளம் டாக்டரிடம் கேட்டேன்: "பைகார்ப் போட்டியா மக்கா?"

"போட்டிருக்கு சார். ஏ.பி.ஜி.யில் பி.ஹெச். 7.36தான். அசிடோசிஸ் இல்லை, அதனால மெதுவா ஓடட்டும்னு விட்டோம்."

படித்த பிள்ளை சொன்ன பதில் இது. இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன, இரண்டுமே உயிரைப் பறிக்கும்.

முதல் தவறு, அசிடோசிஸைச் சரிசெய்யத்தான் பைகார்ப் என்ற எண்ணம். இங்கே அது இதயத் தசைக்கான மருந்து. டிரைசைக்ளிக், இதயச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வழியை அடைக்கிறது. சோடியம் பாய்ச்சல் மெதுவானால் மின்தூண்டல் மெதுவாகப் பரவும், க்யூ.ஆர்.எஸ். அகலும், தசை சுருங்கும் வலுவும் குறையும். பைகார்ப் இதை இரண்டு வழியில் எதிர்க்கிறது. ஒன்று, அதிலுள்ள சோடியம். நாஞ்சில் நாட்டு வயலில் மடை பாதி அடைபட்டிருக்கும்போது கால்வாயில் நீர்மட்டத்தை உயர்த்தினால் மிச்சமிருக்கும் இடுக்கு வழியாகவே தண்ணீர் வேகமாகப் பாயும் அல்லவா? வெளியே சோடியம் கூடினால் அடைபடாத சானல்கள் வழியாகப் பாய்ச்சல் அப்படித்தான் கூடுகிறது. மற்றொன்று, காரத்தன்மை. இந்த மருந்து ஒரு வலுக்குறைந்த காரம். ரத்தத்தின் பி.ஹெச். உயர உயர, மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்கும் அதன் பங்கு கூடுகிறது, சானலிலிருந்து எளிதாக விடுபடுகிறது. ரத்தப் புரதத்தோடு சேரும் பங்கும் ஓரளவு கூடுகிறது. பி.ஹெச். 7.36 என்பது இந்த நோயாளிக்கு நல்ல செய்தி அல்ல, போதாத செய்தி. நமக்கு வேண்டியது 7.45 முதல் 7.55 வரை. ஆகவே ஏ.பி.ஜி. வரும் முன்பே, க்யூ.ஆர்.எஸ். அகன்றிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மருந்து போக வேண்டும்.

சிறுநீரைக் காரமாக்கி மருந்தை வெளியேற்றுவதற்காக என்று சிலர் சொல்வார்கள். அது ஆஸ்பிரினுக்கு. டிரைசைக்ளிக் திசுக்களுக்குள் ஆழமாகப் பரவிவிடும், சிறுநீர் வழியாகவோ டயாலிசிஸ் மூலமாகவோ அதைப் பெரிதாக எடுக்க முடியாது.

இரண்டாவது தவறு, அளவும் வேகமும். தொடக்க அளவு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி ஈக்விவலென்ட், அதுவும் சில நிமிடங்களுக்குள். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 7.5 சதவீதக் கரைசல். அதில் ஒரு மில்லியில் ஏறத்தாழ 0.9 மில்லி ஈக்விவலென்ட்தான். பாடப்புத்தகங்கள் 8.4 சதவீதத்தை வைத்து ஒரு மில்லிக்கு ஒன்று என்று கணக்கிடுவதால் இங்கே குழப்பம் வருகிறது. 10 மில்லி ஆம்பூல் ஒன்றில் சுமார் 9. ஆக, அந்தப் பெண்மணிக்குத் தேவைப்பட்டது 50 முதல் 100 வரை. பாட்டிலில் இருந்தது மொத்தமே 18, அதுவும் பல மணி நேரத்தில் ஏறும்படி. சீட்டில் "பைகார்ப் கொடுக்கப்பட்டது" என்று இருக்கும். இதயத்துக்கு ஒன்றுமே போயிருக்காது. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்: மருந்து கையில் இருந்தது, நோயும் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

முழங்கை மடிப்பில் பெரிய ஊசி ஒன்று போட்டு, 25 மில்லி ஆம்பூல் நான்கை, அதாவது சுமார் 90 மில்லி ஈக்விவலென்ட், ஐந்து நிமிடத்துக்குள் தள்ளினோம். சிறிய ரத்தக்குழாய் வேண்டாம், வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும். தள்ளும்போதே சிஸ்டர் இ.சி.ஜி. காகிதத்தை ஓடவிட்டிருந்தார். நான்கு கட்டம் மூன்றாக ஒடுங்குவதை அந்தக் காகிதத்திலேயே பார்க்க முடிந்தது, பிரஷர் 100ஐத் தொட்டது. சில நிமிடம் பொறுத்து இன்னும் இரண்டு ஆம்பூல் போட்டபின் க்யூ.ஆர்.எஸ். இரண்டரைக் கட்டத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் சொட்டு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் சுமார் 150 மில்லி ஈக்விவலென்ட் கலந்து, மணிக்கு 150 மில்லி அளவில் ஓடவிட்டோம். நார்மல் சலைனில் கலந்தால் சோடியம் தேவைக்கு மேல் ஏறிவிடும். சொட்டு ஓடும்போது க்யூ.ஆர்.எஸ். மறுபடி அகன்றால் சொட்டின் வேகத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மறுபடி போலஸ் தள்ளுங்கள்.

நிறுத்தும் எல்லையும் உண்டு. பி.ஹெச். 7.55ஐத் தாண்டினாலோ சோடியம் 155ஐத் தாண்டினாலோ மேலே பைகார்ப் வேண்டாம். பி.ஹெச். மட்டும் எல்லைக்கு வந்து, சோடியத்துக்கு இன்னும் இடமிருந்து, க்யூ.ஆர்.எஸ். அகன்றே இருந்தால் 3 சதவீத சலைன் உதவும். பொட்டாசியம் கட்டாயம் இறங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து ஈடுசெய்யாவிட்டால், ஒடுங்கிய க்யூ.ஆர்.எஸ்.ஸுக்குப் பின்னால் நீண்ட க்யூ.டி.யும் அதன் அரித்மியாவும் வந்து நிற்கும்.

## அமியோடரோன்

வேண்டாம். அகலமான டேக்கிகார்டியா என்றதும் கை தானாக அதற்குப் போகும். இங்கே முதல் மருந்தும் இரண்டாவது மருந்தும் பைகார்ப்தான். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் லிக்னோகெயின்.

## வலிப்புக்கு ஃபெனிட்டாயின்

வேண்டாம், அதுவும் சோடியம் சானலை அடைப்பது. லோராஜெபாமோ மிடாஜோலமோ போடுங்கள். வலிப்பு ஒவ்வொன்றும் ரத்தத்தை அமிலமாக்கும், ஆகவே அடுத்த நிமிடமே இ.சி.ஜி. எடுத்து பைகார்ப் போலஸுக்குத் தயாராக இருங்கள்.

## பைகார்ப் போடாமல் டியூப் போடுவது

மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சு நிற்கிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, பி.ஹெச். சரிகிறது. ஒரு நிமிடத்துக்கு முன்வரை நாடி இருந்த நோயாளி டியூப் உள்ளே போகும்போது இறந்துபோவது இப்படித்தான். முதலில் போலஸ், பிறகு டியூப். டியூப் போட்டதும் வென்டிலேட்டரில் வழக்கமான 12, 14 என்று வைக்காமல் வேகத்தைக் கூட்டி, காரநிலையைக் காப்பாற்றுங்கள்.

## ஒரே லைனில் எல்லாவற்றையும் ஓட்டுவது

பைகார்ப் ஓடும் லைனில் கால்சியம் போனால் வெண்படிவாகி அடைக்கும். நார்அட்ரினலின் போனால் அதன் வலு கெடும். பிரஷருக்கு நார்அட்ரினலின் தேவைப்படும்போது தனி லைன்.

## சீக்கிரம் கைவிடுவது

இதயம் நின்றுவிட்டால் வழக்கமான நேரக் கணக்கு இங்கே இல்லை. அழுத்துவதை நிறுத்தாமல் பைகார்ப் போலஸ்களைத் தொடருங்கள். நீண்ட நேரம் அழுத்தியபின் நல்ல நினைவோடு மீண்டவர்கள் உண்டு.

## வீட்டுக்கு அனுப்பும் நேரம்

ஆறு மணி நேரம் தொடர்ந்து மானிட்டரில் வைத்து, க்யூ.ஆர்.எஸ். இயல்பாக, நினைவு தெளிவாக, நாடி அடங்கியிருந்தால் இந்த விஷத்தின் இதய ஆபத்து பெரும்பாலும் விலகிவிட்டது. ஒரு தடவையேனும் அகன்றவரை ஐ.சி.யூ.வில் வையுங்கள், பைகார்பை நிறுத்தியபின்னும் ஒரு நாள் இ.சி.ஜி. பாருங்கள். மனநல மருத்துவர் பேசாமல் யாரையும் டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் டெலி மானஸ் எண் 14416ஐயும் தமிழக அரசின் 104ஐயும் எழுதிக் கொடுங்கள். அந்தப் பெண்மணி நான்காம் நாள் வீட்டுக்குப் போகும்போது, மாமியாரின் மாத்திரையை இனி ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, கணவர் கையில் வைத்திருக்க ஏற்பாடு செய்தோம்.