குவாண்டம் டனலிங்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரான் தன் ஆற்றலைவிட உயரமான தடுப்பையும் ஊடுருவிக் கடப்பதுதான் டனலிங். டியூஷனில் இந்தப் பாடம் வந்தால், ஜூனியர் கல்லூரிப் பிள்ளைகளின் நோட்டில் நான் முதலில் பார்ப்பது படத்தைத்தான். தடுப்பைத் தாண்டியதும் அலையின் நீளத்தை இழுத்து நீட்டி வரைந்திருப்பார்கள். எலக்ட்ரான் உள்ளே மோதிக் களைத்து, கொஞ்சம் ஆற்றலை இழந்து வெளியே வருகிறது என்ற எண்ணம்தான் காரணம். அப்படி இல்லை. இரு பக்கமும் நிலை ஆற்றல் ஒன்றாக இருந்தால் ஆற்றலும் மாறாது, அலைநீளமும் மாறாது. குறைவது வீச்சு மட்டுமே. தடுப்புக்குள் ஏற்ற இறக்கமே கிடையாது. அலை படிப்படியாகத் தேய்கிறது, கிட்டத்தட்ட e^(−κd) என்று. d தடுப்பின் அகலம், κ அலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதன் அளவு.

சரி, கணக்குக்கு வருவோம். எலக்ட்ரானின் ஆற்றல் E = 5 eV, தடுப்பின் உயரம் U = 9 eV, அகலம் d = 0.5 nm. இங்கே κ-வை முடிவு செய்வது 9 அல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 4 eV. எலக்ட்ரானுக்கு κ ≈ 5.12 × √(U − E), eV-யில் போட்டால் விடை nm⁻¹-ல் வரும். ஆகவே κ ≈ 10.25 nm⁻¹.

e^(−κd) என்பது வீச்சு. கடந்து போகும் வாய்ப்பு T வேண்டுமென்றால் அதை வர்க்கப்படுத்த வேண்டும்: T ≈ e^(−2κd) = e^(−10.25) ≈ 3.5 × 10⁻⁵. அந்த 2-ஐ விட்டால் 0.006 வரும், ஏறத்தாழ 170 மடங்கு அதிகம்!

இதைவிட மோசமானது h, ħ குழப்பம். சிங்கப்பூரின் பழைய ஹெச்2 இயற்பியல் பாடத்திட்டம் இதே κ-வை k = √(8π²m(U − E)/h²) என்று எழுதியது; பல்கலைக்கழக நூல்கள் √(2m(U − E))/ħ என்று எழுதும். m எலக்ட்ரானின் நிறை, ħ என்பது h/2π, ஆகவே இரண்டும் ஒன்றே. ஆனால் பின்னதில் ħ இருக்கும் இடத்தில் h-ஐப் போட்டால் T கிட்டத்தட்ட 0.2 ஆகிவிடும். ஐந்தில் ஒரு எலக்ட்ரான் அரை நானோமீட்டரைக் கடக்கிறது என்று விடை வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இன்னும் கொஞ்சம் துல்லியம் வேண்டுமா? முன்னால் 16(E/U)(1 − E/U) என்ற காரணியைச் சேர்க்கலாம். இங்கே அது 3.95, ஆகவே T ≈ 1.4 × 10⁻⁴. முழுச் சூத்திரமும் இதையேதான் தருகிறது. வெறும் அடுக்குக்குறியை வைத்துச் சொன்ன மதிப்பீடு நான்கு மடங்கு தள்ளிப்போனது, தோராயத்துக்குப் பரவாயில்லை.

ஆனால் இந்தச் சுருக்கம் எல்லா இடத்திலும் செல்லாது. அகலத்தை 0.05 nm ஆக்கிப் பாருங்கள்: காரணியோடு சேர்த்து T = 1.4 என்று வரும். நூறு எலக்ட்ரான் போனால் நூற்று நாற்பது வெளியே வருமா என்ன? κd ஒன்றைவிட நன்றாகப் பெரிதாக இருக்கும்போதுதான் இது செல்லும். இங்கே அது பாதிதான். அப்போது T = 1/[1 + U² sinh²(κd)/(4E(U − E))] என்ற முழுச் சூத்திரத்துக்கே போக வேண்டும். விடை சுமார் 0.78.